ஏசி அறையில் பக்கத்து இருக்கைக்காரரின் பர்ஃப்யூம்: மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

நிலவரசி
வணக்கம். சென்னையில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம். எங்கள் அறையில் ஆறு பேர், ஒரே ஒரு ஸ்பிலிட் ஏசி. ஜன்னல் இருக்கிறது, ஆனால் ஏசி ஓடும்போது யாரும் திறப்பதில்லை. ஏசிக்கு நேர் கீழே உட்காருகிற மேடம் எங்களை விடப் பத்து வயது மூத்தவர். காலையில் அவர் உள்ளே வந்ததுமே அறை முழுக்க பர்ஃப்யூம் வாசனை நிரம்பிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பையிலிருந்து எடுத்து மறுபடியும் அடித்துக்கொள்வார். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மூன்று மணிக்கெல்லாம் கண்ணுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்துவிடும். இன்னொருவருக்கு இருமல் வருகிறது. மேடம் ரொம்ப நல்லவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? பஸ்சிலும் வகுப்பறையிலும் இதே பிரச்சினையைப் பார்த்தவர்களும் எழுதுங்கள்.

கோவை செந்தில்
ரொம்ப சிம்பிளுங்க. அத்தருக்கு மாறச் சொல்லுங்க. அதுல ஆல்கஹால் கிடையாது, இயற்கையானது. தலைவலி வர்றதே அந்த ஸ்பிரிட்னாலதான். ஒரு துளி வெச்சா போதும், நாள் முழுக்க நிக்கும்.

சந்தனக்கட்டை
செந்தில், ஒரு துளி என்பது சரி, காரணம் சரியில்லை. பர்ஃப்யூமில் இருக்கும் ஆல்கஹால் அடித்த சில நிமிடங்களில் பறந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு அந்த அறையில் ஆல்கஹாலே இருக்காது, வாசனைப் பொருள்கள்தான் இருக்கும். தலைவலியைக் கிளப்புவது அவைதான். அத்தரிலும் இருப்பது அதே வகைப் பொருள்கள்தான், அதுவும் எண்ணெயில் கரைந்த நிலையில், தண்ணீரோ ஸ்பிரிட்டோ கலக்காமல். ஆகவே மெதுவாகப் பறக்கும், நீங்களே சொன்ன மாதிரி நாள் முழுக்க நிற்கும். இயற்கையானது என்பதாலும் தப்பிக்க முடியாது. எலுமிச்சையிலும் லாவெண்டரிலும் உள்ள சில பொருள்கள் காற்றுப் பட்டுப் பழசானால் தோலுக்கு ஒவ்வாமல் போவது நன்றாகத் தெரிந்த விஷயம்.

நிலவரசி, உங்கள் மேடம் மதியம் மறுபடி அடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவருக்கு அந்த வாசனை தெரியவில்லை. ஒரே வாசனை தொடர்ந்து மூக்கில் ஏறினால் சில நிமிடங்களிலேயே மூளை அதைக் கணக்கில் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். சமையலறையில் நிற்பவருக்குத் தாளிப்பு வாசனை தெரியாமல் போகிறது, வாசலில் வருபவர் தும்முகிறார் இல்லையா, அது மாதிரி. மாதக்கணக்கில் ஒரே பாட்டிலைப் பயன்படுத்துகிறவருக்கு இது இன்னும் கூடும். "போய்விட்டது போலிருக்கிறது" என்று நினைத்து மறுபடி அடிப்பார். அறைக்குள் வருகிற மற்றவர்களுக்கு அது இரட்டிப்பாகத் தெரியும்.

கணக்காகவே பார்ப்போம். சாதாரண பாட்டிலில் ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மி.லி. வரும். பாட்டிலில் ஓ டி பர்ஃபம் என்று போட்டிருந்தால் அதில் வாசனை எண்ணெய் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ஓ டி டாய்லெட் என்றால் அதற்கும் குறைவு, பெரும்பாலும் 5 முதல் 15. காலையில் கழுத்து, மணிக்கட்டு, துப்பட்டா என்று ஆறு அழுத்து, மதியம் நான்கு என்றால் மொத்தம் 1 மி.லி. பர்ஃப்யூம். அதில் 0.15 முதல் 0.2 மி.லி. வாசனை எண்ணெய். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய அறையில் இரண்டு அழுத்தே போதும் என்கிற இடத்தில் இது ஐந்து மடங்கு.

கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் லேசாகத் தெரிந்தால் அளவு சரி. அதைத் தாண்டிப் போனால் அதிகம். இதைப் போட்டவர் தானே சோதித்துக்கொள்ள முடியாது. வீட்டில் இன்னொருவரிடம்தான் கேட்க வேண்டும். காபிக்கொட்டையை மோந்தால் மூக்கு புதுசாகிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். வெளியே பத்து நிமிடம் நல்ல காற்றில் நிற்பதை விட அது ஒன்றும் கூடுதலாகச் செய்வதில்லை.

குளிர்ச்சி ராஜேந்திரன்
ஏசி பக்கத்தை நான் சொல்றேன். 18 வருஷமா சர்வீஸ் வேலை. நிறைய பேர் ஸ்பிலிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே இழுக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்லை. சுவர்ல மாட்டின யூனிட் அறைக்குள்ள இருக்கிற காத்தையே இழுத்து, குளிர வெச்சு, திரும்ப அதே அறைக்குள்ள ஊதுது. வெளியில இருக்கிற யூனிட்டுக்கும் உள்ள இருக்கிறதுக்கும் நடுவுல போறது கேஸ் குழாய்தான், காத்து இல்லை. உள்ள இருக்கிற வலை ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது.

அதனால மேடம் ஏசிக்கு நேர் கீழே உட்கார்றதுதான் இங்கே பெரிய சிக்கல். யூனிட்டோட மேல் பக்கம் காத்தை இழுக்குது, கீழ் பக்கம் ஊதுது. அவங்க மேல இருந்து கிளம்பற வாசனை நேரா மேலே போய், ஒரே நிமிஷத்துல ஆறு பேர் முகத்துக்கும் வந்துடும். அவங்க இருக்கையைக் கதவுப் பக்கம் மாத்தினாலே ஓரளவு குறையும்.

காலைல ஏசி போடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஜன்னல், கதவு ரெண்டையும் எதிரெதிரா திறந்து விடுங்க. சாப்பாட்டு நேரத்துலயும் அதே மாதிரி. ஜன்னல் ஓரம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா ஒரு மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஓட்டலாம். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். தயவுசெஞ்சு ரூம் ஃப்ரெஷ்னர் அடிச்சு அமுக்கப் பாக்காதீங்க. ஒரு வாசனை மேல இன்னொரு வாசனை ஏறி அறை இன்னும் கனமாயிடும்.

வடமராட்சி சுகி
கனடாவில ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். இங்க ஆஸ்பத்திரியள், கன அலுவலகங்களில "வாசனை போட்டுக்கொண்டு வராதேங்கோ" எண்டு வாசலிலயே எழுதி ஒட்டியிருப்பினம். ஒருத்தரைக் குறிச்சுச் சொல்லாமல், எல்லாருக்கும் ஒரே விதியா இருக்கும். அமெரிக்காவில நோய்த் தடுப்பு மையம், சி.டி.சி. எண்டுறது, 2009-இல தன்ரை கட்டடங்களுக்குள்ள வாசனைப் பொருளைத் தவிர்க்கச் சொல்லி விதி கொண்டுவந்தது. டெட்ரோயிட் நகரசபையில வேலை செய்த ஒரு பெண், பக்கத்து ஆளின்ரை வாசனையால மூச்சு முட்டுது எண்டு வழக்குப் போட்டு, 2010-இல நகரசபை 1 லட்சம் டொலர் குடுத்துச் சமரசம் செய்தது.

ஆனா விதி ஒட்டினாலும் முதல் பேச்சு ஆளோட ஆள் நேர பேசுறதுதான் நல்லது. முதல் நாளே மேலிடத்துக்குப் போனால், நீங்கள் சரியாகவே இருந்தாலும் அந்த ஆள் உங்களோடை பிறகு பழையபடி கதைக்க மாட்டா.

அரசு வக்கீல் மகன்
சுகி அக்கா சொன்னதுக்கு மாறா ஒன்று. தொடர்ந்து மூச்சுத் தொல்லை இருந்தால் மனிதவளப் பிரிவில் எழுதிக் கொடுப்பதுதான் முறை. வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இருக்காது. ஆஸ்துமா உள்ளவர் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது.

சந்தனக்கட்டை
ஆஸ்துமா என்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அங்கே தயங்கக் கூடாது. நிலவரசி சொல்வது தலைவலி, இருமல். அதற்கு முதலில் பேசிப் பார்க்கலாம் என்பேன்.

தமிழ் மிஸ் வளர்மதி
பேசும் சொல்லைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் நம் மொழியில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய இலக்கியத்தில் "நாற்றம்" என்றால் நறுமணம். இன்று அந்தச் சொல்லை வாய் தவறிச் சொன்னால் உறவே அறுந்துவிடும். "வாடை"யும் அப்படியே. "நெடி" என்பது மூக்கில் ஏறிக் குத்துவது, மிளகாய் வறுக்கிற மாதிரி. அதுவும் அவர் ஆசையாக வாங்கியதைத் திட்டுவது போல் விழும். "வாசனை" என்றே சொல்லுங்கள். "கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது" என்றால் குழம்பில் உப்பைச் சொல்வது மாதிரி, குறையாகத் தெரியாது.

இன்னும் முக்கியம், பிரச்சினையை அவர் மேல் வைக்காமல் உங்கள் தலை மேல் வையுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"மேடம், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். எனக்கு மைக்ரேன் இருக்கு, வாசனை எதுவா இருந்தாலும் கிளப்பிடுது. உங்க பர்ஃப்யூம் நல்ல வாசனைதான், இந்த மூடின ரூம்ல கொஞ்சம் தூக்கலா வருது. மதியம் அடிக்கிறதை மட்டும் விட்டா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

இதில் கேட்பது ஒன்றே ஒன்று: மதியம் வேண்டாம். அளவை, பிராண்டை, துணியை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினால் விசாரணை ஆகிவிடும். மற்றவர்களுக்கும் இருமல் என்பதைச் சொல்லாதீர்கள். ஐந்து பேர் தன் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும். தனியாக, ஒரு டீ நேரத்திலோ மாலையில் கிளம்பும் முன்போ சொல்லுங்கள். அவர் அப்போதுதான் அடித்துவிட்டு வந்த நேரத்தில் வேண்டாம், உடனே திருத்திக்கொள்ள வழியில்லாமல் மாலை வரை கூசிப்போய் உட்கார்ந்திருப்பார்.

செய்யக் கூடாதது: மேசையில் பெயரில்லாத சீட்டு வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் "பொதுவாகச் சொல்கிறேன்" என்று போடுவது, அவர் வரும்போது துப்பட்டாவால் மூக்கை மூடுவது. மூன்றிலும் யாரைச் சொல்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்குப் பதில் சொல்லத்தான் வாய்ப்பு இருக்காது.

மதுரை மல்லி
எல்லாம் சரி. ஒரு முழம் மல்லிகைப்பூ வெச்சுக்கிட்டு வந்தா அதையும் கழட்டச் சொல்வீங்களா? சாம்பிராணி, ஜவ்வாது எல்லாம் நம்ம வீட்டு வாசனை. இப்படியே போனா எதுவும் போட முடியாது.

சந்தனக்கட்டை
நியாயமான கேள்வி, எனக்கும் முழுப் பதில் இல்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மல்லிகையும் தூண்டும். மூடிய ஏசி அறையில் மாலையாக ஆக அதன் வாசனை கனத்துவிடும், காலையில் இருந்த குளிர்ச்சி இருக்காது. ஒரு வித்தியாசம், பூ அன்றைக்கே வாடிவிடும். ஜவ்வாது சேலையில் பட்டால் துவைக்கும் வரை இருக்கும். பூவைக் கேட்டுக் கழட்ட வைப்பது எனக்கும் மனம் ஒப்பாத காரியம்தான். ஜவ்வாதை ஏசி அறைக்கு வரும் நாளில் விடலாம் என்பேன்.

மதுரை மல்லி
ஜவ்வாது ஓகே. பூ விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன்.

பல்லவன் பயணி
பஸ்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் வாசனையைப் பற்றிப் பேசாதீர்கள். குறிப்பாக, ஆண்கள் ஒரு பெண்ணிடம் "உங்க பர்ஃப்யூம்" என்று வாயைத் திறந்தாலே அது வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்ளப்படும், அப்படி எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. ஜன்னல் திறக்கலாமா என்று கேளுங்கள், அல்லது எழுந்து வாசல் பக்கம் நில்லுங்கள். ஏசி பஸ்ஸில் ஜன்னல் திறக்காது, மேலே இருக்கும் காற்றுத் துளையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அடித்த முதல் கால் மணி நேரம்தான் வாசனை மிக வேகமாகக் கிளம்பும். அடித்த கையோடு பஸ் ஏறினால் அந்தக் கால் மணி நேரத்தைப் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பவர் வாங்கிக்கொள்கிறார். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் அடியுங்கள். கூட்டத்தில் உடம்பு சூடாகும், சூட்டில் வாசனை இன்னும் வேகமாகப் பறக்கும். பஸ் நாளில் கழுத்து வேண்டாம், அது பக்கத்தில் நிற்பவரின் மூக்கு உயரம். சட்டைக்குள் மார்பில் ஒரு அழுத்து போதும்.

பஸ்ஸுக்குள்ளேயே டியோடரன்ட் அடிப்பதைச் செய்யவே கூடாது. அந்த டப்பாவில் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன். சமையல் கேஸ் குடும்பம்தான்.

பி.டி. பீரியட்
ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். விளையாட்டுப் பீரியட் முடிந்ததும் நாற்பது பையன்கள் வகுப்புக்குள் ஒரே நேரத்தில் ஸ்பிரே அடிக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவனும் சட்டைக்கு மேல் ஐந்தாறு விநாடி பிடித்தபடி அடிக்கிறான். அது தோலுக்கே போவதில்லை, பாதி காற்றில், பாதி துணியில். எங்கள் பள்ளியில் வேலை செய்தது இது: வகுப்புக்குள் வேண்டாம், மைதான ஓரக் குழாயடியில் முகம், கை, அக்குள் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, பிறகு தோலில் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒவ்வொரு அக்குளுக்கும் ஒரு விநாடி. யாரையும் பெயர் சொல்வதில்லை, வகுப்பு முழுவதற்கும் ஒரே விதி. அந்த வயதில் "உன் மேல்" என்று ஒருவனைச் சுட்டினால் வருஷம் முழுக்கப் பட்டப்பெயராகிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் சுடர் எரியும்போது அந்த டப்பாவே உள்ளே வரக் கூடாது.

பெயர் வேண்டாம்
இந்த இழையைப் படித்தபோது மேடத்தின் பக்கம்தான் நான் இருக்கிறேன் என்று தோன்றியது. வியர்வைக்குப் பயந்து நிறைய அடிக்கிறவள் நான். குறைத்தால் வியர்வை தெரியுமே, அதற்கு என்ன வழி?

சந்தனக்கட்டை
நல்லவேளை கேட்டீர்கள், அதிகம் அடிப்பவர்களில் பலருக்கு இதே பயம்தான். பர்ஃப்யூமால் வியர்வையை மூட முடியாது, இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாக வரும். கடையில் மூன்று பொருளை ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். பாடி ஸ்பிரே வெறும் வாசனை. டியோடரன்ட் நாற்றத்தை உண்டாக்கும் கிருமியைக் குறைக்கும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ஒன்றுதான் வியர்வையையே குறைக்கும், அதில் அலுமினிய உப்பு இருக்கும். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கி, இரவு படுக்கும் முன் நன்றாகக் காய்ந்த அக்குளில் பூசுங்கள். இரவில் வியர்வை குறைவு, உப்பு துளைக்குள் இறங்க நேரம் கிடைக்கும். காலையில் குளித்தாலும் பலன் போகாது. காலையில் ஈரத்தோடு பூசினால் எரியும், வேலையும் செய்யாது. பாலியஸ்டர் ரவிக்கை, சட்டையைத் தவிர்த்துப் பருத்தி போடுங்கள். இவ்வளவு செய்தும் துணி நனைகிற அளவு வியர்த்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மருந்து உண்டு.

அதிகமாக அடித்துவிட்டால் தண்ணீரில் துடைத்துப் பயனில்லை, எண்ணெய்ப் பொருள் தண்ணீரில் போகாது. பஞ்சில் சானிடைசர் நனைத்து அந்த இடத்தைத் துடைத்து, பிறகு வாசனை குறைந்த சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நிலவரசி
எல்லோருக்கும் நன்றி. வளர்மதி மிஸ் எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே நேற்று மாலை சொன்னேன். மேடம் ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "எனக்குத் தெரியவே இல்லைம்மா, போயிடுச்சுன்னு நினைச்சுதான் மதியம் அடிப்பேன்" என்றார். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். இன்றைக்குக் காலையில் ரெண்டு அழுத்துதானாம், மதியம் இல்லை. ஆனாலும் அறையில் வாசனை இருக்கிறது, முன்பை விடக் குறைவு. மறுபடியும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சந்தனக்கட்டை
மறுபடி கேட்க வேண்டாம், அவர் சொன்னதைச் செய்திருக்கிறார். துப்பட்டாவோ ஸ்வெட்டரோ இருக்கையில் தொங்குகிறதா பாருங்கள். தோலில் ஒரு நாளில் போகிற வாசனை, துணியில், அதிலும் செயற்கை இழையில், பல நாள் தங்கும்.

நிலவரசி
ஆமாம்! ஏசி குளிருக்காக ஒரு சால்வை எப்போதும் நாற்காலி முதுகில் கிடக்கும். அதை அவர் வீட்டுக்கே எடுத்துப் போவதில்லை.

குளிர்ச்சி ராஜேந்திரன்
அதுதான்மா. ஏசி காத்து நேரா அது மேலதான் அடிக்குது. குளிருதுன்னுதானே சால்வை? ஏசியை 25-ல வைங்க, அந்தக் காத்துத் தகட்டை மேல் பக்கம் திருப்புங்க, சால்வையே தேவைப்படாது. நீங்க வாசனையைப் பத்தி மறுபடி பேசவும் வேண்டாம்.

தமிழ் மிஸ் வளர்மதி
ராஜேந்திரன் அண்ணா சொல்வது நல்ல யோசனை. சனிக்கிழமை எல்லோரும் அவரவர் நாற்காலித் துணி, மேசை விரிப்பு எல்லாவற்றையும் துவைக்க எடுத்துப் போவோம் என்று நீங்களே தொடங்குங்கள், உங்களுடையதிலிருந்து. சால்வையும் அதோடு போய்விடும். வாசனை உள்ள கம்ஃபர்ட் ஊற்றாமல், சோப்புத் தூளில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் காற்றாட உலர்த்தினால் போதும்.

அரசு வக்கீல் மகன்
இருமல் வருபவர் என்ன ஆனார்? அவரும் குறைந்திருக்கிறதா, இல்லை ஆஸ்துமாவா என்று டாக்டரிடம் பார்த்தாரா? அதற்கு இந்த இழையில் பதிலே வரவில்லை.

நிலவரசி
இன்னும் இருமுகிறார். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறார். சால்வை போன பிறகும் இருந்தால் எழுதுகிறேன்.